வேர்ஃபோர், ஹிதர்டூ: பழைய பத்திரத்தையும் பழைய பைபிளையும் எப்படிப் படிப்பது?

கேள்வி: தாத்தா பெயரில் இருக்கும் ஒரு பழைய இங்கிலீஷ் பத்திரத்தைப் படிக்க உட்கார்ந்தால், வேர்ஆஸ், ஹிதர்டூ, தேர்ஆஃப், வேர்ஃபோர் என்று வரிக்கு வரி ஏதோ ஒன்று இடிக்கிறது. வீட்டில் உள்ள பழைய இங்கிலீஷ் பைபிளிலும் இதே வார்த்தைகள்தான். அகராதியில் ஒவ்வொன்றாகப் பார்த்தும் வாக்கியம் பிடிபடவில்லை. இதற்கு ஏதாவது வழி உண்டா? இப்போது நாம் எழுதும் மனுவில் இவற்றைப் போடலாமா?

பதில்:

முதலில் அகராதியை மூடி வையுங்கள். நீங்கள் சொன்ன வார்த்தைகளில் பெரும்பாலானவை இரண்டு துண்டுகளை ஒட்டிச் செய்தவை. முன் துண்டு மூன்றே வகைதான்: ஹியர், தேர், வேர். பின் துண்டு ஆஃப், இன், டூ, பை, வித், ஃபோர், அண்டர் என்று எல்லோருக்கும் தெரிந்த சின்னச் சொல் ஏதாவது ஒன்று.

பள்ளிக்கூடத்தில் ஹியர் என்றால் இங்கே, தேர் என்றால் அங்கே, வேர் என்றால் எங்கே என்று படித்திருப்போம். இந்தக் கூட்டுச் சொற்களைப் பொறுத்தவரை அதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். ஹியர் என்றால் 'இது', தேர் என்றால் 'அது', வேர் என்றால் 'எது'. பின்னால் வரும் சின்னச் சொல் நம் வேற்றுமை உருபின் வேலையைச் செய்கிறது. ஆக, ஹியர்பை 'இதனால்', தேர்பை 'அதனால்', வேர்பை 'எதனால்'. ஹியரின் 'இதில்', தேரின் 'அதில்'. தேர்டூ 'அதற்கு', தேர்வித் 'அதனோடு', தேர்ஆஃப் 'அதனுடைய'. இ, அ, எ என்று மூன்று எழுத்தை வைத்து நாம் இதையே அன்றாடம் செய்கிறோம் என்பதால், தமிழ் தெரிந்தவருக்கு இந்த அமைப்பு இன்றைய இங்கிலீஷ்காரரைவிடச் சீக்கிரம் பழகிவிடும்.

வக்கீல்கள் மிரட்டுவதற்காக உண்டாக்கிய பாஷை இது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இங்கிலீஷுக்கு நெருங்கிய உறவான ஜெர்மன் மொழியில் வோஃபூர், டாஃபூர், ஹீர்ஃபூர் என்று இதே அமைப்பு இன்றும் சாதாரணப் பேச்சில் இருக்கிறது. இங்கிலீஷிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1611இல் ஜேம்ஸ் மன்னர் காலத்து பைபிள் அச்சானபோது, உயிரில்லாத பொருளுக்கு 'அதனுடைய' என்று சொல்ல இன்று எல்லோரும் எழுதும் 'இட்ஸ்' என்ற சொல் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருந்தது. அந்த மொழிபெயர்ப்பாளர்கள் அதைத் தொடவே இல்லை. தேர்ஆஃப் என்று எழுதினார்கள். யாத்திராகமம் 25ஆம் அதிகாரத்தில் உடன்படிக்கைப் பெட்டியின் அளவு வரும் இடத்தைப் பாருங்கள். நீளம் தேர்ஆஃப், அகலம் தேர்ஆஃப், உயரம் தேர்ஆஃப் என்று ஒரே வசனத்தில் மூன்று தடவை வரும். அதன் நீளம், அதன் அகலம், அதன் உயரம், அவ்வளவுதான் விஷயம். பிற்காலத்தில் பேச்சு மாறியது, பைபிளும் பத்திரமும் மாறவில்லை.

இனி வேர்ஃபோருக்கு வருவோம். இதில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். 'வேர்' என்று தொடங்குவதால் 'எங்கே' என்று எடுத்துக்கொள்கிறார்கள். மேலே சொன்ன முறையில் பிரித்தால், வேர் + ஃபோர், 'எதற்காக'. அதாவது 'ஏன்'. ரோமியோவைப் பார்த்து ஜூலியட் கேட்கும் புகழ்பெற்ற வரியில் உள்ள வேர்ஃபோரும் இதுதான். ரோமியோ எங்கே இருக்கிறான் என்று அவள் தேடவில்லை. பகைக் குடும்பத்துப் பெயரை நீ ஏன் சுமந்துகொண்டு பிறந்தாய் என்று புலம்புகிறாள். அடுத்த வரியிலேயே உன் அப்பாவை மறுத்துவிடு, உன் பெயரை விட்டுவிடு என்கிறாள். 'எங்கே' என்று படித்தால் அந்த அடுத்த வரி ஒட்டவே ஒட்டாது.

ஆனால் வேர்ஃபோருக்கு இன்னொரு முகம் உண்டு. ஒரு வாதத்தை முடித்துவிட்டு அடுத்த வாக்கியத்தைத் தொடங்கும்போது வந்தால் அது கேள்வி அல்ல. 'ஆகவே' என்று பொருள். இரண்டும் மத்தேயு சுவிசேஷத்திலேயே இருக்கின்றன. 14ஆம் அதிகாரத்தில் கடலில் மூழ்கப்போன பேதுருவின் கையைப் பிடித்துக்கொண்டு இயேசு கேட்பது கேள்வி. தமிழ் பைபிள் அதை 'ஏன் சந்தேகப்பட்டாய்' என்கிறது. 7ஆம் அதிகாரத்தில் நல்ல மரம், கெட்ட மரம் பற்றிப் பேசி முடித்தபின் வரும் வேர்ஃபோரைத் தமிழில் 'ஆதலால்' என்று போட்டிருக்கிறார்கள்: ஆதலால் அவர்களுடைய கனிகளினாலே அவர்களை அறிவீர்கள். எப்படிப் பிரித்தறிவது? கேள்வி என்றால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் துணைவினை எழுவாய்க்கு முன்னால் போய் நிற்கும், கடைசியில் கேள்விக்குறி இருக்கும். 'ஆகவே' என்றால் வாக்கியம் நேராகப் போகும். நீதிமன்றத் தாள்களில் வருவது ஏறக்குறைய எப்போதுமே இரண்டாவது வகை. பழைய மனுவின் கடைசிப் பத்தி வேர்ஃபோர் என்று தொடங்கினால், அது வரை சொன்ன காரணங்களின் பேரில் இன்னது வேண்டுகிறேன் என்று பொருள்.

ஏன் ஒரே சொல் கேள்வியாகவும் இருக்கிறது, 'ஆகவே' என்றும் வருகிறது? இந்த இடத்தில் நம் இ-அ-எ சூத்திரத்துக்கு ஒரு எல்லை இருக்கிறது. இங்கிலீஷில் 'வேர்' வகைச் சொல் கேள்வி மட்டும் கேட்பதில்லை. முன்னால் சொன்ன பெயரைத் திரும்பப் பிடித்து இழுத்துக்கொண்டும் வரும். தமிழில் எகரத்துக்கு அந்த வேலை கிடையாது, அதைப் பெயரெச்சம் பார்த்துக்கொள்கிறது. எனவே, 'நிலம், வேர்ஆன் வீடு நிற்கிறது' என்று பத்திரத்தில் இருந்தால், 'எதன்மேல்' என்று வைத்துக்கொண்டு முழிக்காதீர்கள். 'வீடு நிற்கும் நிலம்' என்று படியுங்கள். 'பத்திரம், வேர்பை சொத்து மாற்றப்பட்டது' என்றால் 'சொத்தை மாற்றிக்கொடுத்த பத்திரம்'. ஒரு 'வேர்' சொல் நடு வாக்கியத்தில் வந்தால், அதற்கு முன்னால் இருக்கும் பெயரைத் தூக்கிக் கடைசியில் வைத்து, வினையைப் பெயரெச்சமாக்கிவிடுங்கள். பத்திரம் மொழிபெயர்க்கிறவர்கள் செய்வது இதைத்தான்.

ஹிதர்டூ இந்தக் குடும்பத்தின் ஒன்றுவிட்ட உறவு. இங்கிலீஷில் முன்பு 'இங்கே' என்பதற்கே மூன்று சொல் இருந்தன: இங்கே இருப்பதற்கு ஹியர், இங்கே வருவதற்கு ஹிதர், இங்கிருந்து போவதற்கு ஹென்ஸ். அதே மாதிரி அங்கே என்பதற்கு தேர், திதர், தென்ஸ். எங்கே என்பதற்கு வேர், விதர், வென்ஸ். ஆக ஹிதர் + டூ என்றால் 'இவ்விடம் வரைக்கும்'. அது இடத்தையும் குறிக்கும், காலத்தையும் குறிக்கும். யோபு 38இல் கடவுள் கடலைப் பார்த்துச் சொல்லும் 'இம்மட்டும் வா, மிஞ்சி வராதே' என்பதில் இருக்கும் ஹிதர்டூ இடம். 1 சாமுவேல் 7இல் சாமுவேல் கல்லை நட்டு 'இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்' என்று சொல்லும்போது அது காலம். தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டுக்கும் 'இம்மட்டும்' என்றே போட்டிருக்கிறார்கள். அசலில் உள்ள இரட்டைத் தன்மை அப்படியே வந்துவிட்டது. இதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்திருக்காது என்பது என் எண்ணம்.

பத்திரத்தில் ஹிதர்டூ வரும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'இது வரை' என்பதில் உள்ள 'இது', பத்திரம் எழுதிய நாள். நீங்கள் படிக்கும் நாள் அல்ல. உதாரணத்துக்கு, 1931இல் எழுதிய பத்திரம் ஒன்றில், கிரயம் கொடுப்பவர் ஹிதர்டூ பயன்படுத்திவந்த நடைபாதை என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த வரி சொல்வதெல்லாம் 1931 வரை அவர் அந்தப் பாதையில் நடந்தார் என்பதை மட்டும்தான். அதற்குப் பிறகு வாங்கியவருக்கு அந்தப் பாதை கிடைத்ததா, கொடுத்தவரே வைத்துக்கொண்டாரா என்பதை அந்தச் சொல் சொல்லாது. அதைப் பத்திரத்தின் வேறு பகுதியில் தேட வேண்டும். பாதைத் தகராறுகளில் இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு 'பார், இன்று வரை என்று எழுதியிருக்கிறது' என்று வாதாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வாதம் நிற்காது.

ஹிதர்டூவோடு போட்டுக் குழப்பிக்கொள்ளும் இன்னும் சில உண்டு. ஹியர்டூஃபோர் என்றால் 'இதற்கு முன்பு'. ஹியர்ஆஃப்டர் என்றால் 'இனிமேல்'. இவை காலம். நடுவில் ஒரு 'இன்' நுழைந்து ஹியரின்ஆஃப்டர், ஹியரின்பிஃபோர் என்று வந்தால் அது காலம் அல்ல. இந்தத் தாளில் கீழே, இந்தத் தாளில் மேலே என்று அர்த்தம். 'ஹியரின்ஆஃப்டர் வெண்டர் என்று அழைக்கப்படுபவர்' என்றால், இந்தப் பத்திரத்தில் இனிக் கீழே விற்பவர் என்று குறிப்பிடப்படுபவர். நம் தமிழ்ப் பத்திரங்களில் 'மேற்படி', 'அடியிற்கண்ட' என்று வருவதும் இதுவேதான்.

பிரித்துப் படிப்பதற்கு ஒரு நிஜமான சட்ட வாசகத்தை எடுத்துக்கொள்வோம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, ஒரு சொத்தை மாற்றிக்கொடுக்கும்போது அதோடு கூடவே என்னென்ன போகும் என்று சொல்கிறது. உங்கள் தாத்தா பத்திரத்துக்கும் இது பொருந்தியிருக்கக்கூடும். சொத்து நிலமாக இருந்தால், ஈஸ்மெண்ட்கள் 'அனெக்ஸ்டு தேர்டூ', வாடகையும் வருமானமும் 'தேர்ஆஃப்', அப்புறம் மண்ணோடு பிணைந்த எல்லாம் போகும் என்கிறது. சொத்து வீடாக இருந்தால், பூட்டு, சாவி, தாழ்ப்பாள், கதவு, ஜன்னல், இன்னும் நிலையான உபயோகத்துக்காக 'தேர்வித்' வைத்துள்ள எல்லாம் போகும் என்கிறது.

தேர் என்று வரும் ஒவ்வொரு இடத்திலும் நின்று, 'அது' என்றால் எது என்று கேளுங்கள். 'தேர்டூ' அதற்கு, எதற்கு? நிலத்துக்கு. ஆக, நிலத்தோடு இணைந்த வழிநடைப் பாத்தியம், தண்ணீர்ப் பாத்தியம் போன்றவை. 'தேர்ஆஃப்' அதனுடைய, எதனுடைய? நிலத்தினுடைய. ஆக, மாற்றத்துக்குப் பிறகு சேரும் நிலத்தின் வாடகையும் வருமானமும். 'தேர்வித்' அதனோடு, எதனோடு? வீட்டோடு. கதவையும் ஜன்னலையும் கழற்றிக்கொண்டு போக விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிகிறதல்லவா? மேலே கேட்ட 1931 பாதைக் கேள்விக்கும் விடை இங்கே பாதி கிடைக்கிறது. அந்தப் பாதை நிலத்தோடு இணைந்த பாத்தியமாக இருந்து, வேறு எண்ணம் பத்திரத்தில் தெரியாவிட்டால், தனியாக எழுதாமலே அது வாங்கியவருக்குப் போயிருக்கும். அதைத் தருவது இந்தச் சட்டப்பிரிவின் 'தேர்டூ'. பத்திரத்தின் ஹிதர்டூ அல்ல.

இந்தச் சட்ட வாசகம் தெளிவாக இருப்பதற்குக் காரணம், 'அது' என்று கேட்டால் ஒவ்வொரு இடத்திலும் ஒரே ஒரு பதில்தான் பொருந்துகிறது. எல்லாப் பத்திரமும் இப்படி இருக்காது. 'வீடும், தோட்டமும், கிணறு தேர்ஆஃபும்' என்று இருந்தால் கிணறு வீட்டுடையதா, தோட்டத்துடையதா, இரண்டுக்கும் பொதுவா? மூன்றும் பொருந்தும். அப்படிப் பொருந்தினால் அந்த வரியை நம்பாமல் ஷெட்யூலுக்குப் போய்ச் சொத்து விவரத்தையும் நான்கு எல்லைகளையும் பாருங்கள். ஹியரின் என்ற சொல்லும் இப்படித்தான் ஏமாற்றும். 'இதில்' என்றால் இந்தப் பத்தியிலா, இந்தப் பத்திரம் முழுவதிலுமா? எழுதியவருக்குத் தெரிந்திருக்கும், படிக்கிறவருக்குத் தெரியாது. துல்லியமாக எழுதத்தான் இந்தச் சொற்கள் என்று சட்டக்காரர்கள் சொல்வதை நான் முழுசாக ஏற்றுக்கொள்ளாததற்கு இதுதான் காரணம்.

அடுத்து, வாக்கியம் பிடிபடவில்லை என்றீர்களே, அதற்கு இன்னொரு காரணமும் இருக்கும். பழைய இங்கிலீஷ் பத்திரத்தில் முற்றுப்புள்ளி அபூர்வம். எழுதியவர்கள் புள்ளிக்குப் பதிலாகச் சில சொற்களைப் பெரிய எழுத்தில் போட்டு அடையாளம் வைத்தார்கள். அந்தச் சொற்களை மட்டும் தேடிப் பென்சிலால் வட்டமிட்டால் பத்திரம் பகுதி பகுதியாகப் பிரிந்து நிற்கும்.

'வேர்ஆஸ்' என்பதில் தொடங்கும் பத்திகள் எல்லாம் முன்கதை. இன்றைய இங்கிலீஷில் வேர்ஆஸ் என்றால் 'ஆனால் மறுபக்கம்' என்று ஒரு எதிர்மறை தொனிக்கும். பத்திரத்தில் அது கிடையாது. 'இன்னின்னபடி இருக்கிறபடியால்' என்று பொருள். இந்தச் சொத்து இன்னார் வழியாக எனக்கு வந்தது, நான் விற்க ஒப்புக்கொண்டேன் என்ற பின்னணி எல்லாம் இங்கே வரும். பழைய சட்டங்களின் முகப்பும் இப்படித்தான். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் வேர்ஆஸ் என்றுதான் தொடங்குகிறது. அதற்குப் பிறகு 'நௌ திஸ் டீட் விட்னெஸெத்' என்று வரும். இங்கே சாட்சி சொல்வது மனிதர் அல்ல, பத்திரம். 'இப்பத்திரம் சாட்சியம் கூறுவது யாதெனில்' என்று அர்த்தம். இந்த இடத்திலிருந்துதான் உண்மையில் சொத்து கைமாறுகிறது.

இந்த எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்பது வழக்கில் முக்கியம். முன்கதையும் கைமாற்றும் பகுதியும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் என்ன செய்வது என்று 1886இல் இங்கிலாந்தில் டாவ்ஸ் என்பவர் பெயரில் அறியப்படும் வழக்கில் நீதிபதி லார்ட் எஷர் ஒரு விதி வகுத்தார். முன்கதை தெளிவாகவும் பின்பகுதி குழப்பமாகவும் இருந்தால் முன்கதை வழிகாட்டும். முன்கதை குழப்பமாகவும் பின்பகுதி தெளிவாகவும் இருந்தால் பின்பகுதிதான். இரண்டும் தெளிவாக இருந்து முரண்பட்டால் அப்போதும் பின்பகுதிதான். ஆகவே உங்கள் பத்திரத்தில் வேர்ஆஸ் பத்தியில் 2 ஏக்கர் என்றும், விட்னெஸெத்துக்குப் பிறகு ஒன்றரை ஏக்கர் என்றும் தெளிவாக இருந்தால், 2 ஏக்கர் என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது வட்டம் 'டு ஹேவ் அண்ட் டு ஹோல்ட்'. வாங்கியவர் சொத்தை எந்த அளவு உரிமையோடு, எவ்வளவு காலத்துக்கு வைத்திருப்பார் என்பது இங்கே வரும். நம் பத்திரங்களில் 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்ச் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்வது' என்று வரும் இடம். இந்தச் சொற்றொடரை சர்ச்சிலும் கேட்டிருப்பீர்கள். 1662ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் ஜெப புத்தகத்தின் திருமண உறுதிமொழியில், மாப்பிள்ளை 'டு ஹேவ் அண்ட் டு ஹோல்ட்' என்று தொடங்கி, மரணம் பிரிக்கும் வரைக்கும் என்று முடித்துவிட்டு, 'அண்ட் தேர்டூ' என் உறுதியைத் தருகிறேன் என்பார். சொத்துக்கும் மனைவிக்கும் ஒரே வாசகமா என்று கோபம் வரலாம். ஆனால் பெண்ணும் அந்த 'டு ஹேவ் அண்ட் டு ஹோல்ட்' வாசகத்தைச் சொல்கிறாள். 'தேர்டூ' என்ன என்று இப்போது உங்களுக்கே தெரியும்: அதற்கு, அதாவது மேலே அடுக்கிய அத்தனை வாக்குறுதிக்கும்.

கடைசி வட்டம் 'இன் விட்னெஸ் வேர்ஆஃப்'. இதற்குச் சாட்சியாக என்று சொல்லிக் கையெழுத்துப் போடும் இடம். ஷெட்யூல் அதற்கு மேலேயோ கீழேயோ இருக்கும்.

இது வரை சொன்னவை தெரியாத சொற்கள். தெரியாத சொல்லால் பெரிய ஆபத்து இல்லை, ஏனென்றால் தெரியாது என்று நமக்கே தெரிகிறது. தெரிந்த சொல் மாதிரி வேஷம் போட்டு வருவதுதான் கவிழ்க்கும். அதில் முதல் இடம் 'லெட்' என்ற சொல்லுக்கு.

ரோமர் 1:13இல், உங்களிடம் வரப் பலமுறை நினைத்தேன் என்று பவுல் எழுதிவிட்டு, நடுவில் 'பட் வாஸ் லெட் ஹிதர்டூ' என்கிறார். இன்றைய பொருளில் படித்தால் 'இதுவரை அனுமதிக்கப்பட்டேன்' என்று வரும். அனுமதி கிடைத்தவர் ஏன் வரவில்லை? வாக்கியம் உடைகிறது. காரணம், இது வேறு லெட். பழைய இங்கிலீஷில் லேட்டன் என்று ஒரு வினை, விடுதல் என்று பொருள். லெட்டன் என்று இன்னொரு வினை, தடுத்தல் என்று பொருள். நாளடைவில் இரண்டும் ஒரே ஒலிக்கு வந்து நின்றுவிட்டன. தடுத்தவர் பேச்சு வழக்கிலிருந்து போனார், விட்டவர் நின்றார். பவுல் சொல்வது 'இதுவரைக்கும் தடைபட்டேன்'. தமிழ் பைபிளைத் திறந்தால் 'இதுவரைக்கும் எனக்குத் தடையுண்டாயிற்று' என்று நேராகவே இருக்கிறது.

இந்த லெட் முழுசாகச் சாகவும் இல்லை. டென்னிஸில் சர்வ் செய்த பந்து வலையைத் தொட்டுச் சரியான கட்டத்தில் விழுந்தால் சொல்லும் லெட் இருக்கிறது. நம் இந்திய பாஸ்போர்ட்டின் உள்ளே, இவரை 'வித்அவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' போக விடுங்கள் என்று குடியரசுத் தலைவர் பெயரால் கேட்டுக்கொள்ளும் வரியில் இருக்கிறது. பழைய கிரயப் பத்திரங்களில், வாங்கியவர் எந்த லெட்டும் இடையூறும் இல்லாமல் அனுபவிக்கலாம் என்ற உறுதியிலும் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், வீடு வாடகைக்கு விடப்பட்டிருந்தால் அதே பத்திரத்தில் வாடகைக்கு விட்ட 'லெட்'டும் வரும். அது விடுதல் என்ற வினையின் பிள்ளை. பக்கத்தில் ஹிண்ட்ரன்ஸ், இண்டரப்ஷன் போன்ற தடைச் சொற்கள் இருந்தால் தடை. டெனண்ட், ரெண்ட் இருந்தால் வாடகை.

இதே ரகம்தான் 'பிரிவெண்ட்'. லத்தீனில் 'முன்னே வருதல்' என்பதிலிருந்து வந்தது, பழைய பைபிளில் அந்தப் பொருள்தான். 1 தெசலோனிக்கேயர் 4:15இல், உயிரோடிருக்கும் நாம் நித்திரையடைந்தவர்களை பிரிவெண்ட் செய்வதில்லை என்று வருவதைத் தமிழ் பைபிள் 'முந்திக்கொள்வதில்லை' என்கிறது. ஜெப புத்தகத்தில் 'பிரிவெண்ட் அஸ், ஓ லார்ட்' என்று தொடங்கும் ஜெபம் ஒன்று உண்டு. எங்கள் செயலில் எல்லாம் எங்களுக்கு முன்னே செல்லும் என்பது வேண்டுதல். எங்களைத் தடுத்துவிடும் என்று யாரும் சாமியிடம் கேட்க மாட்டார்கள்.

பத்திரத்தில் 'தீஸ் பிரெசென்ட்ஸ்' என்று வந்தால் பரிசுகளைத் தேடாதீர்கள். 'இங்கே முன்வைத்திருக்கும் இந்த எழுத்து', அதாவது இந்தப் பத்திரம். 'ரெபக்னண்ட்' என்றால் அருவருப்பு அல்ல, முரணானது.

பைபிளைப் பொறுத்தவரை இதையெல்லாம் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அதே வசனத்தைத் தமிழில் திறந்து பாருங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் எபிரெய, கிரேக்க மூலத்தைப் பார்த்துச் செய்ததால், இங்கிலீஷ் சொல் பிற்காலத்தில் பொருள் மாறியது அவர்களைப் பாதிக்கவில்லை. பத்திரத்துக்கு அந்த வசதி இல்லை. அதற்கு, அந்தச் சொத்துக்கே முன்னாலும் பின்னாலும் எழுதிய தமிழ்ப் பத்திரம் கிடைத்தால் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்; ஒரே பாதைக்கும் ஒரே கிணற்றுக்கும் அதில் என்ன சொல் போட்டிருக்கிறார்கள் என்று தெரியும்.

சரி, இப்போது எழுதும் மனுவில் இவற்றைப் போடலாமா என்றீர்கள். போட்டால் தப்பில்லை, போடாவிட்டால் மனு தள்ளுபடி ஆகாது. இவை இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம், ஏற்கெனவே நீதிமன்றம் பார்த்து ஒப்புக்கொண்ட வாசகத்தை மாற்ற யாருக்கும் துணிச்சல் வராததுதான். இங்கிலாந்தில் கூடுதலாக ஒரு காரணமும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை அங்கே சொத்துப் பத்திரம் எழுதுவதற்கான கூலி பத்திரத்தின் நீளத்தை வைத்துக் கணக்கிடப்பட்டது. 1881இல் வழக்கறிஞர் ஊதியத்துக்கென்று தனிச் சட்டம் வந்த பிறகுதான் அந்தக் கணக்கு மாறியது. நீளத்துக்குக் காசு என்றால் யார்தான் சுருக்கமாக எழுதுவார்கள்?

என்னைக் கேட்டால் ஹியர்பையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 'இதன் மூலம் ரத்து செய்கிறேன்' என்று எழுதும்போது, அந்த எழுத்தே ரத்து செய்யும் செயலாகிறது. பழைய அதிகாரப் பத்திரத்தை ரத்து செய்யும்போது வெறுமனே 'ரத்து செய்கிறேன்' என்று எழுதினால், வழக்கமாகச் செய்வதைச் சொல்கிறாரா, இப்போதே செய்கிறாரா என்று ஒரு வக்கீல் கேட்க இடம் உண்டு. ஹியர்பை அந்த இடத்தை அடைக்கிறது. அரசியலமைப்பின் முகப்புரையில், நமக்கு நாமே வழங்கிக்கொள்கிறோம் என்ற இடத்தில் அது இருப்பதும் அதனால்தான். தேர்ஆஃப் எழுதத் தோன்றினால் பொருளின் பெயரையே எழுதுங்கள்: 'வீட்டின் கிணறு'. ஹியரின் எழுதத் தோன்றினால் '4ஆம் பத்தியில்' என்று எண் போடுங்கள். ஹிதர்டூவுக்குப் பதில் தேதி போடுங்கள். வேர்ஃபோருக்கு 'ஆகவே' போதும். தமிழ் மனுவில் அதைத்தானே எழுதுகிறோம்.